பெருங்குடலுக்குள் போகும் ஒன்றரை லீற்றர்

சென்ற பாடத்தைச் சிறுகுடலின் முடிவில் நிறுத்தினோம். உணவில் எடுக்கக்கூடிய சத்துக்களை ஏறக்குறைய எல்லாம் சிறுகுடல் எடுத்துவிட்டது. மிஞ்சியிருப்பது கஞ்சியைப் போல நீர்த்த ஒரு கலவை. நாளொன்றுக்கு அது சுமார் ஒன்றரை லீற்றர் வரும். சிறுகுடலும் குருட்டுக்குடலும் சந்திக்கும் இடத்திலுள்ள வால்வின் வழியாக அது சிறிது சிறிதாகப் பெருங்குடலுக்குள் புகுகிறது. மறுமுனையில் வெளியேறும் மலத்தில் இருக்கும் நீரோ 100 முதல் 150 மில்லிலீற்றர் மட்டுமே. இடைப்பட்ட ஒன்றரை மீற்றர் நீளமான குழாய்க்குள் என்ன நடக்கிறது என்பதே இப்பாடம். உயர்தர உயிரியல் மாணவருக்கும் தாதியர் பயிற்சிக்குப் படிப்போருக்கும் மட்டுமன்றி, கிராமத்தில் நோயாளரைப் பார்க்கும் தொண்டர்களுக்கும் இது தேவைப்படும்.

நீர்க் கணக்கு

பரீட்சை விடைத்தாள்களில் அடிக்கடி காணப்படும் ஒரு வசனம் உண்டு: ‘உணவுக் கால்வாயில் நீரின் பெரும்பகுதி பெருங்குடலில் அகத்துறிஞ்சப்படுகிறது.’ இது பிழை. கணக்குப் போட்டுப் பார்த்தால் உடனே தெரியும்.

ஒருவர் ஒரு நாளில் உணவிலும் பானத்திலுமாகச் சுமார் 2 லீற்றர் நீரை உட்கொள்கிறார் என வைப்போம். உமிழ்நீர், இரைப்பைச் சாறு, பித்தம், சதையிச் சாறு, குடற்சாறு ஆகியவையாக உடலே இன்னும் 7 லீற்றர் அளவில் உள்ளே ஊற்றுகிறது. மொத்தம் 9 லீற்றர். இதில் 7.5 லீற்றரைச் சிறுகுடல் மீட்டுக்கொள்கிறது. மீதி 1.5 லீற்றரில் 1.35 லீற்றரைப் பெருங்குடல் எடுக்க, 0.15 லீற்றர் மலத்தோடு போகிறது. நூற்றுவீதத்தில் சொன்னால் சிறுகுடலின் பங்கு 83, பெருங்குடலின் பங்கு 15, இழப்பு 2க்கும் குறைவு. ஆகவே அளவில் பெரிய வேலை சிறுகுடலுடையது. பெருங்குடல் செய்வது கடைசித் திருத்தம். ஆனால் மலம் கட்டியாக இருக்குமா தண்ணீராகப் போகுமா என்பதைத் தீர்மானிப்பது அந்தக் கடைசித் திருத்தமே.

பெருங்குடல் நீரை நேரடியாக இழுப்பதில்லை. நீரை இழுக்கும் பம்பி எந்தக் கலத்திலும் கிடையாது. இழுக்கப்படுவது சோடியம். பெருங்குடலின் உட்சுவரில் சடைமுளைகள் இல்லை. உருளைவடிவ மேலணிக் கலங்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டு, இடையிடையே சீதம் சுரக்கும் கலங்கள் காணப்படும. அம்மேலணிக் கலத்தின் இரத்தப்பக்கச் சுவரிலுள்ள சோடியம்–பொற்றாசியம் பம்பி, சத்தியைச் செலவிட்டு 3 சோடியம் அயன்களை வெளியே தள்ளி 2 பொற்றாசியம் அயன்களை உள்ளே எடுக்கிறது. இதனால் கலத்தினுள் சோடியத்தின் செறிவு குறைகிறது. குறைந்தவுடன் குடற்குழிப் பக்கத்திலிருந்து சோடியம் உட்புகுகிறது. உப்பு இரத்தப்பக்கம் சேர, நீர் பிரசாரணம் மூலம் அதைப் பின்தொடர்கிறது. ‘உப்பு முன்னே, நீர் பின்னே’ என்று மனத்தில் வைத்தால் போதும்.

இந்த வேலையைப் பெருங்குடல் திறமையாகச் செய்ய ஒரு காரணம், அதன் கலங்களுக்கிடையிலான இணைப்புகள் சிறுகுடலில் உள்ளவற்றைவிட இறுக்கமானவை. எடுத்த உப்பு திரும்பக் குழிக்குள் கசிவதில்லை. ஆகவே நீர்த்த கலவையிலிருந்தும் சோடியத்தைக் கடைசிவரை உறிஞ்ச முடிகிறது. உடலில் உப்புக் குறையும்போது அதிரீனற் சுரப்பியிலிருந்து வரும் அல்டொஸ்தெரோன் என்னும் ஓமோன் சிறுநீரகத்தில் மட்டுமன்றி இங்கும் வேலைசெய்து, சோடியம் எடுக்கப்படுவதை மேலும் கூட்டுகிறது. குளோரைட்டை எடுத்து அதற்குப் பதிலாக இருகாபனேற்றைக் குழிக்குள் விடுவதும், பொற்றாசியத்தைச் சுரப்பதும் பெருங்குடலின் வழக்கம். கடும் வயிற்றோட்டத்தில் நோயாளி நீரோடு இருகாபனேற்றையும் பொற்றாசியத்தையும் இழந்து, இரத்தம் அமிலப்பக்கம் சாய்வதும் தசைகள் சோர்வதும் இதனால்தான்.

இனி ஒரு கணக்கைச் செய்வோம். நோயற்ற பெருங்குடல் தேவைப்பட்டால் நாளொன்றுக்கு 5 லீற்றருக்குக் குறையாமல் எடுக்க வல்லது. வழக்கமாகச் செய்யும் வேலையைப்போல மூன்றரை மடங்குக்கு மேல் அதனிடம் திறன் இருக்கிறது. சிறுகுடலில் ஒரு நோய் ஏற்பட்டு 7.5 லீற்றருக்குப் பதில் 6 லீற்றர் மட்டுமே எடுக்கிறது என்று கொள்வோம். பெருங்குடலுக்கு வருவது 3 லீற்றர். மெதுவாக வந்தால் பெருங்குடல் அதைச் சமாளித்துவிடும். வீட்டார் ஒன்றையும் அறியமாட்டார்கள். கொலராவில் நிலைமை வேறு. கிருமியின் நச்சு சிறுகுடற் கலங்களைக் குளோரைட்டையும் நீரையும் இடைவிடாது சுரக்கச் செய்கிறது. நாளொன்றுக்கு 15 லீற்றர் வந்து சேர்ந்தால், பெருங்குடல் 5 லீற்றரை எடுத்தாலும் 10 லீற்றர் அரிசி கழுவிய நீர்போல வெளியேறும். பெருங்குடல் பழுதுபடாமலே ஒருவர் ஒரே நாளில் இறக்கக்கூடும்.

மூன்றாவது நிலை இதற்கு மறுதலை. சிறுகுடல் சரியாக இருக்கிறது. வரும் நீர் வழமையான 1.5 லீற்றரே. ஆனால் வயிற்றுளைவில் பெருங்குடலின் சுவர் புண்பட்டு, அதன் அகத்துறிஞ்சல் பாதியாகக் குறைந்துவிட்டது. 1.35க்குப் பதில் 0.675 லீற்றர் மட்டுமே எடுக்கப்படுகிறது. மீதி 825 மில்லிலீற்றர். வழமையைவிட ஐந்து மடங்கிற்கு மேல் நீர் மலத்தில் இருந்தாலும் கொலராவின் 10 லீற்றரோடு ஒப்பிட்டால் சிறிது. இதனாற்றான் சிறுகுடல் வயிற்றோட்டம் அளவில் பெரிதாகவும் தண்ணீராகவும் இருக்கும். பெருங்குடல் வயிற்றோட்டமோ கொஞ்சங் கொஞ்சமாக, அடிக்கடி, சளியும் இரத்தமும் கலந்து, போன பின்பும் இன்னும் இருக்கிறது என்ற முக்கலோடு வரும். மலத்தைப் பார்த்துக் கேட்கும் முதற் கேள்வி இதுவாகவே இருக்க வேண்டும். முதல் வகையில் உடனடி ஆபத்து நீரிழப்பு. இரண்டாம் வகையில் இரத்தம் தென்பட்டால் வைத்தியரிடம் அனுப்பத் தாமதிக்கக் கூடாது.

‘ஜீவனி’க் கரைசலைக் குடிக்கக் கொடுக்கிறோமே, அது எங்கே வேலை செய்கிறது என்பதும் கேட்கப்படுவதுண்டு. அது பெரும்பாலும் சிறுகுடலில். அங்கே குளுக்கோசும் சோடியமும் சேர்ந்து உட்புகும் ஒரு கடத்தி உண்டு. கொலரா நச்சு அதைத் தாக்குவதில்லை. பெருங்குடலில் குளுக்கோசோடு சேர்ந்த அந்த வழி இல்லை. அங்கே சோடியம் எடுக்கப்படுவதற்குத் துணைசெய்வது வேறொன்று. அதைத் தருபவை பற்றீரியாக்கள்.

குடியிருக்கும் பற்றீரியாக்கள்

சிறுகுடலின் மேற்பகுதியில் பற்றீரியாக்கள் மிகக் குறைவு. பெருங்குடலில் ஒரு கிராம் உள்ளடக்கத்தில் அவை பத்தாயிரம் கோடி அளவில் இருக்கும். ஒட்சிசன் அங்கே ஏறத்தாழ இல்லை. ஆதலால் அவற்றிற் பெரும்பாலானவை ஒட்சிசனின்றி வாழ்பவை. எல்லாருக்கும் பெயர் தெரிந்த ‘ஈ. கோலை’ உண்மையில் அங்கே சிறுபான்மையினரே. பழைய குறிப்புகளில் உடற்கலங்களைவிடப் பற்றீரியாக்கள் பத்து மடங்கு என்று எழுதியிருப்பதைக் காணலாம். 2016இல் வெளியான மீள்கணிப்பின்படி இரண்டும் ஏறத்தாழ சமம். பழைய எண்ணை எழுதாதிருப்பது நல்லது. மலத்தின் முக்காற் பங்கு நீர். எஞ்சிய திடப்பொருளில் மூன்றில் ஒன்று முதல் அரைவாசி வரை உயிருள்ளதும் இறந்ததுமான பற்றீரியாக்களே. மலம் என்பது உண்டதன் சக்கை மட்டும் என்று நினைப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். பல நாள் உண்ணாதவருக்கும் சிறிதளவு மலம் உண்டாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவை எதை உண்கின்றன? எமது நொதியங்களுக்கு அகப்படாமல் தப்பி வந்தவற்றை. குரக்கன் தவிடு, கீரைத்தண்டு, ஒடியல் மாவின் நார், பருப்பு வகைகளிலுள்ள சில வெல்லங்கள் ஆகியவை இதில் அடங்கும். சமைத்து ஆறிய சோற்றில் மாப்பொருளின் ஒரு பகுதி மீண்டும் இறுகி, சமிபாட்டு நொதியங்களுக்கு எளிதிற் பிடிபடாத வடிவம் பெறுகிறது. அதுவும் இங்கே வந்து சேர்கிறது. பற்றீரியாக்கள் இவற்றை நொதிக்கச் செய்து அசற்றிக், புரொப்பியோனிக், பியூற்றிரிக் அமிலங்களை உண்டாக்குகின்றன. இவை குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்கள் எனப்படும். கூடவே ஐதரசன், காபனீரொட்சைட்டு, சிலரில் மெதேன் ஆகிய வாயுக்களும் உண்டாகின்றன. பயறு தின்றபின் வயிறு ஊதுவது இதனால்.

பியூற்றிரிக் அமிலத்தைத் தனியே கவனிக்க வேண்டும். உடலின் மற்றைய கலங்கள் இரத்தம் கொண்டுவரும் சத்துக்களை நம்பியிருக்க, பெருங்குடலின் மேலணிக் கலங்கள் தமது சத்தியின் பெரும்பகுதியைக் குழிக்குள் இருக்கும் இந்த அமிலத்திலிருந்து பெறுகின்றன. மேலே சொன்ன சோடியம் பம்பி ஓடுவதற்கு வேண்டிய சத்தியும் இதிலிருந்தே வருகிறது. குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்கள் அகத்துறிஞ்சப்படும்போது சோடியமும், அதன் பின்னே நீரும் உட்செல்கின்றன. ஆக, பற்றீரியா நாரை உடைக்கிறது, அதனால் வரும் அமிலம் கலத்தை ஊட்டுகிறது, கலம் உப்பை எடுக்கிறது, உப்பு நீரை இழுக்கிறது. நீரகத்துறிஞ்சலும் பற்றீரியாவும் பாடநூலில் இரண்டு தலைப்புகள். குடலுக்குள் அவை ஒரே சங்கிலி.

சங்கிலி அறுந்தால் என்ன ஆகும் என்பதை நாம் அடிக்கடி காண்கிறோம். தொண்டை நோவிற்கோ காதுக்குத்திற்கோ நுண்ணுயிர்கொல்லி குடித்த பிள்ளைக்கு மூன்றாம் நாளளவில் மலம் இளகிப் போகிறது. மருந்து நோய்க்கிருமியோடு குடலில் குடியிருந்தவற்றையும் கொன்றுவிட்டது. நார் நொதிக்கப்படவில்லை. அமிலங்கள் குறைந்தன. உடைபடாத வெல்லங்கள் நீரைத் தம்மோடு பிடித்து வைத்தன. பெரும்பாலும் மருந்து முடிந்ததும் இது தானே சீராகும். ஆனால் காய்ச்சலோடும் இரத்தத்தோடும் கடும் வயிற்றுநோவோடும் வந்தால், வெறுமையான இடத்தில் வேறொரு தீய கிருமி பெருகியிருக்கக்கூடும். அதை வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது.

பற்றீரியாக்கள் விற்றமின் கே-யையும் உண்டாக்குகின்றன. பிறந்த குழந்தையின் குடலில் அவை இன்னும் நிலைபெறவில்லை, தாய்ப்பாலிலும் அவ்விற்றமின் குறைவு. ஆகவே பிறந்தவுடன் விற்றமின் கே ஊசி போடப்படுகிறது என்ற அளவில் இதை நினைவில் வைத்தால் போதும்.

மலங்கழித்தல் தெறிவினை

பெருங்குடலின் அசைவு மந்தமானது. நாள் முழுவதும் அது உள்ளடக்கத்தை முன்னும் பின்னுமாகப் பிசைந்து, சுவரோடு படச் செய்கிறது. நீர் எடுபடுவதற்கு இந்த மந்தம் வேண்டும். ஆனால் நாளில் ஒன்று முதல் மூன்று தடவை, பலமான ஒரு தள்ளல் எழுந்து உள்ளடக்கத்தை நெடுந்தூரம் நகர்த்தும். காலையுணவு இரைப்பையை விரிக்கும்போது இது பெரும்பாலும் எழும். காலைத் தேநீர் குடித்ததும் சிலர் எழுந்து நடப்பது இதனாற்றான்.

அவ்வாறு தள்ளப்பட்ட மலம் பெரும்பாலான நேரம் வெறுமையாக இருக்கும் நேர்குடலுக்குள் வந்ததும் சுவர் விரிகிறது. அங்குள்ள இழுவை வாங்கிகள் தூண்டப்படுகின்றன. இதன்பின் நடப்பவற்றை மூன்று படிகளாகப் பிரித்து எழுதினால் விடை தெளிவாகும். முதலாவது, குடற்சுவருக்குள்ளேயே உள்ள நரம்புப் பின்னலின் வழியாக ஒரு சுற்றுச்சுருக்கு அலை எழுகிறது. உள் இறுக்கித்தசை தளர்கிறது. இது பலவீனமான தெறிவினை, தனித்துப் போதாது. இரண்டாவது, அதே செய்தி முண்ணாணின் 2ஆம், 3ஆம், 4ஆம் திருவென்புத் துண்டங்களை அடைந்து, பராபரிவு நரம்புகளின் வழியே திரும்பி வந்து அந்த அலையைப் பலப்படுத்துகிறது. மூன்றாவது, செய்தி மூளைக்குச் சென்று ‘போக வேண்டும்’ என்ற உணர்வாகிறது. நேர்குடலில் அழுத்தம் 18 மி.மீ. இரசம் அளவை அடையும்போது இந்த உணர்வு முதன்முதல் தோன்றும்.

இதுவரை நடந்தது எதுவும் எமது விருப்பப்படி அல்ல. வெளி இறுக்கித்தசை மட்டும் வரித்தசை. அது எமது விருப்பத்துக்குக் கட்டுப்பட்டது. இடம் பொருத்தமாயின் அதைத் தளர்த்தி, மூச்சைப் பிடித்து, வயிற்றுத்தசைகளைச் சுருக்கி மலத்தை வெளியேற்றுகிறோம். நேர்குடலும் குதமும் சந்திக்கும் இடத்தில் ஒரு தசைப்பட்டை நேர்குடலை முன்னோக்கி இழுத்து ஒரு மடிப்பை வைத்திருக்கும். குந்தும்போது அம்மடிப்பு நிமிர்கிறது. குந்தியிருக்கும் மலசலகூடத்தைப் பழைய வழக்கம் என்று ஏளனம் செய்வோர் இதைக் கவனிக்கலாம். இடம் பொருத்தமற்றதாயின் வெளி இறுக்கித்தசையைச் சுருக்குகிறோம். சில நிமிடங்களில் நேர்குடற் சுவர் விரிவுக்குப் பழகித் தளர்கிறது. உணர்வு மறைகிறது. அடுத்த தள்ளல் வரும்வரை, சிலவேளை மறுநாள் வரை, அது திரும்புவதில்லை. அழுத்தம் 55 மி.மீ. இரசம் அளவுக்கு ஏறினால் வெளி இறுக்கியும் தெறிவினையாகவே தளர்ந்துவிடும். அதற்குமேல் மனத்திடம் உதவாது.

இப்போது ஏழு வயதுப் பிள்ளை ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். பாடசாலை மலசலகூடத்துக்குக் கதவு இல்லை, தண்ணீரும் இல்லை. காலையில் அவசரமாக வெளிக்கிடுவதால் வீட்டில் போக நேரமில்லை. உணர்வு வருகிறது. அடக்குகிறாள். அது மறைகிறது. ஆனால் நீரகத்துறிஞ்சல் மறையவில்லை. தங்கிய மலத்திலிருந்து மணிக்கு மணி நீர் எடுபட்டுக்கொண்டே இருக்கிறது. மூன்றாம் நாள் அது கல்லாகிறது. போகும்போது குதம் கிழிந்து நோகிறது. நொந்ததால் அடுத்த முறை இன்னும் இறுக்கி அடக்குகிறாள். வாரங்கள் செல்ல நேர்குடல் பையைப்போல விரிந்துவிடுகிறது. விரிந்த பைக்குள் சிறிது மலம் வந்தால் சுவர் இழுபடாது. வாங்கிகள் தூண்டப்படாது. உணர்வே வராது.

அடுத்துத்தான் எல்லாரையும் ஏமாற்றும் கட்டம். அடைத்திருக்கும் கட்டிக்கு மேலேயிருந்து வரும் நீர்த்த மலம், கட்டியின் ஓரத்தால் வழிந்து உள்ளாடையை நனைக்கிறது. உள் இறுக்கி எப்போதும் தளர்ந்தே இருப்பதால் பிள்ளைக்கு அது தெரிவதுமில்லை. தாய் வயிற்றோட்டம் என்று நினைத்து, மலத்தைக் கட்டும் மருந்தைக் கொடுக்கிறாள். கட்டி மேலும் இறுகுகிறது. பிள்ளை ஊத்தையாக இருக்கிறாள் என்று அடியும் வாங்குகிறாள். அவளுடைய முண்ணாணும் நரம்பும் செய்ய வேண்டியதையே செய்கின்றன என்பதை அடித்தவர் அறியார்.

உண்மையான வயிற்றோட்டத்திலிருந்து இதைப் பிரித்தறிய வழி உண்டு. கசிவு சிறிது சிறிதாக, பிள்ளை அறியாமல் வரும். காய்ச்சல் இராது. பல நாளுக்கு ஒருமுறை மிகப் பெரிய, கடினமான மலம் போன வரலாறு இருக்கும். படுக்கவைத்து அடிவயிற்றின் இடப்பக்கத்தை மெல்லத் தடவினால் கட்டி கைக்குப் படலாம். கிளினிக்கில் மலமிளக்கி கொடுத்து முதலில் அடைப்பை அகற்றுவார்கள். மருந்தைச் சில நாளில் நிறுத்திவிடக் கூடாது. விரிந்த நேர்குடல் பழைய அளவுக்குத் திரும்ப மாதங்கள் செல்லும். உணவுக்குப் பின் ஐந்து பத்து நிமிடம், பாதம் நிலத்தில் ஊன்றியிருக்கும்படி, அவசரமின்றி இருக்கச் செய்வது மருந்தளவுக்கு அவசியம். உணவு இரைப்பையை விரித்ததும் எழும் தள்ளலை இங்கே பயன்படுத்துகிறோம்.

கடைசியாக, போர் நடந்த மாவட்டங்களில் வேலைசெய்வோர் அறிய வேண்டிய ஒன்று. பரீட்சையிலும் இது ‘காரணம் கூறுக’ என்று வரத்தக்கது. முள்ளந்தண்டில் காயமடைந்த இருவரை எடுப்போம். ஒருவருக்குக் காயம் முதுகின் நடுவில். அவருக்கு மூளையோடு தொடர்பு அறுந்தது. ஆனால் திருவென்புத் துண்டங்களும் அவற்றின் நரம்புகளும் முழுமையாக உள்ளன. உணர்வும் கட்டுப்பாடும் இல்லை, தெறிவினை இருக்கிறது. கையுறை அணிந்து, வழுக்கல் பூசிய விரலால் நேர்குடற் சுவரை மெதுவாக வட்டமாகத் தூண்டினால் தெறிவினை எழுந்து மலம் வெளியேறும். உணவு முடிந்து அரைமணி நேரமளவில், ஒவ்வொரு நாளும் ஒரே வேளையில் செய்தால் குடல் ஒழுங்குக்கு வரும். மற்றவருக்குக் காயம் இடுப்புக்குக் கீழ், திருவென்பு நரம்புகளிலேயே. அவருக்குத் தெறிவினை வளையமே அறுந்துவிட்டது. எவ்வளவு தூண்டினாலும் பயனில்லை. இறுக்கிகளும் தளர்ந்திருப்பதால் கசிவும் இருக்கும். அவருடைய மலத்தைச் சற்றுக் கட்டியாக வைத்து, நாள்தோறும் விரலால் எடுத்துவிட வேண்டும். முதலாமவருக்கு மலம் மென்மையாக இருப்பது நல்லது. இரண்டாமவருக்கு அதே மென்மை தொல்லை. இருவருக்கும் ஒரே மலமிளக்கியை ஒரே அளவில் கொடுப்பது பிழையாவது இதனால்.

காயம் நெஞ்சு முள்ளந்தண்டின் 6ஆம் துண்டத்திலோ அதற்கு மேலோ இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. நேர்குடல் மலத்தால் நிறைந்து விரிவதே இவரில் இரத்த அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றக்கூடும். திடீர்த் தலையிடி, முகம் சிவத்தல், காயத்துக்கு மேலே மட்டும் வியர்வை ஆகியவை அறிகுறிகள். உடனே அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடிந்திருக்கிறதா என முதலிற் பார்க்க வேண்டும். விரலால் தூண்டிக்கொண்டிருந்தபோது இது தொடங்கினால் உடனே கையை எடுக்க வேண்டும். அறிகுறிகள் சில நிமிடங்களில் தணியாவிட்டால் வாகனம் பிடித்து வைத்தியசாலைக்குப் போக வேண்டும். போகும் வழியிலும் அவரைப் படுக்கவிடக் கூடாது.